தூக்கப் பிரச்சினை: முதல் சந்திப்புக்கான குறிப்பு

டாக்டர் அவர்களுக்கு,

எதிரே உட்கார்ந்தால் பாதி மறந்துவிடுவேன், அதனால் எழுதியே கொண்டுவந்துவிட்டேன். எனக்கு 46 வயது, கணக்குப் பிரிவில் வேலை. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ, அதில் 6 கிலோ இந்த ஒரு வருடத்தில் ஏறியது.

ஏழு மாதமாக இப்படித்தான் இருக்கிறது. படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. பத்தரைக்குப் படுத்தால் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவேன். ஆனால் இரண்டரை, மூன்று மணிக்குத் தூக்கிவாரிப்போட்டு விழிக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறது, உடனே பாத்ரூம் போக வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து மணி வரை புரண்டுகொண்டே இருப்பேன், கண் அசரும்போது அலாரம் அடித்துவிடும். கடைசி மூன்று வாரம் நோட்டில் குறித்துவைத்தேன்: 21 இரவில் 16 இரவு இதேபோல, சராசரியாக நாலே முக்கால் மணி நேரத் தூக்கம். நோட்டு கையில் இருக்கிறது.

அப்பா இறந்த பிறகுதான் ஆரம்பித்தது, அதனால் துக்கம்தான் காரணம் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். போன மாதம் என் கணவர் சொன்னார், நான் குறட்டை விடுகிறேனாம், நடுவில் சத்தமே நின்றுபோய் மூச்சு முட்டினவள் மாதிரி ஒரு இழுப்பு இழுக்கிறேனாம். இரண்டு இரவு போனில் பதிவு செய்திருக்கிறார், தயவுசெய்து ஒரு நிமிடமாவது கேளுங்கள்.

காலையில் தலை கனத்து வலிக்கிறது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். மதியம் கம்ப்யூட்டர் முன்னால் கண் சொக்குகிறது. இரண்டு வாரம் முன்பு சிக்னலில் நின்றபோது தூங்கிப்போய், பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவதில்லை. எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்.

ஒரு மருத்துவர் அல்பிரஸோலம் 0.25 மி.கி. கொடுத்தார். 11 நாள் போட்டேன், தூக்கம் நீண்டது, ஆனால் காலைத் தலைவலி கூடியது, நிறுத்திவிட்டேன். மெலடோனின் 3 மி.கி. மூன்று வாரம் எடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. மதியத்துக்குப் பிறகு காபி குடிப்பதில்லை. மது, புகை இல்லை. இப்போது எந்த மாத்திரையும் எடுப்பதில்லை. இரத்த அழுத்தம் போன மாதம் 146/92, அதற்கு முன் எப்போதும் 120 பக்கத்தில்தான் இருக்கும். தைராய்டு, சர்க்கரை சரியாக இருக்கின்றன, ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். மாதவிலக்கும் ஆறு மாதமாகத் தள்ளித் தள்ளி வருகிறது, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

மனநிலை பற்றிக் கேட்பீர்கள். அப்பாவை நினைத்து அழுவேன், எரிச்சல் வருகிறது, பிள்ளைகளிடம் கத்திவிடுகிறேன். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் இல்லை.

இன்னொரு தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன்னால், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அந்த மாத்திரைகள் மூச்சை இன்னும் மந்தமாக்கக்கூடும் என்று படித்தேன். இரவு முழுக்க மூச்சையும் ஆக்ஸிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனை எனக்குத் தேவையா, வீட்டிலேயே செய்ய முடியுமா? அதுவரை நான் வண்டியைத் தொடாமல் இருப்பதுதான் சரியா?

கணவர் வெளியே காத்திருக்கிறார், இரவில் நடப்பதை அவரிடமும் கேட்கலாம்.