அஸ்பார்டேம் செய்தி: முழுசாகப் படித்துவிட்டு அனுப்புகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். மேலே நான் போட்டிருப்பது உலக சுகாதார அமைப்பு 2023 ஜூலை 14 அன்று வெளியிட்ட செய்திக்குறிப்பு. அஸ்பார்டேம் பற்றியது. சர்க்கரை இல்லாத குளிர்பானங்கள், சூயிங் கம், காபியில் போடும் இனிப்பு மாத்திரைகள் என்று பலவற்றில் இருக்கும் செயற்கை இனிப்பூட்டி அது.

முதலில் ஒரு திருத்தம். அஸ்பார்டேமால் புற்றுநோய் வரலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என, ஜூன் கடைசியில் நான்தான் இங்கே முதலில் போட்டேன். "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு வரி வேறு சேர்த்திருந்தேன். அன்று வந்தது, விவரம் தெரிந்தவர்கள் சொன்னதாக ராய்ட்டர்ஸ் வெளியிட்ட முன்கூட்டிய செய்தி. முடிவு அப்போது அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்துவிட்டது போல எழுதியது என் தவறு.

சரி, இப்போது வந்திருப்பது என்ன? இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆராய்ந்து, முடிவை ஒரே நாளில் வெளியிட்டிருக்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு, ஆனால் ஆதாரம் குறைவு என்பது இதன் பொருள். அவர்கள் குறிப்பாகப் பார்த்தது ஒரு வகைக் கல்லீரல் புற்றுநோயை. இன்னொன்று, உணவுச் சேர்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு. அது பழைய வரம்பை மாற்றவில்லை: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை. சர்க்கரை இல்லாத குளிர்பானம் ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 கேன் வரை குடிக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வேறு எதிலிருந்தும் அஸ்பார்டேம் உடலுக்குள் போகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

இரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். எனக்கும் முதலில் தலை சுற்றியது. முகமை கேட்கும் கேள்வி, இந்தப் பொருளால் புற்றுநோய் வர முடியுமா என்பது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதற்குள் அது போவதில்லை. அதைப் பார்ப்பது நிபுணர் குழு. அப்புறம், இந்த 2பி பிரிவில் 300க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கற்றாழை இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. காபியைக்கூட 1991இல் அதில் சேர்த்து, 2016இல் எடுத்தார்கள். புகையிலை இருப்பது, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றை வைக்கும் முதல் பிரிவில்.

நேற்றிலிருந்து சுற்றும் ஃபார்வர்டு என்னிடமும் வந்தது, இரண்டு அண்ணன்கள் அனுப்பினார்கள். அதை இங்கே ஒட்டவில்லை. அஸ்பார்டேமைத் தடை செய்துவிட்டதாக அது சொல்கிறது. செய்திக்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒரு மருத்துவர் பெயரும் ஒரு எண்ணிக்கையும் அதில் இருக்கின்றன. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன், அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை.

இனி வருவது என் சொந்தக் கருத்து. நான் மருத்துவர் இல்லை, எட்டு வருடமாகச் சர்க்கரை நோயோடு இருப்பவன். என் இனிப்பு மாத்திரை டப்பாவில் ஒன்றுக்கு 18 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு போடுகிறேன், 72 ஆகிறது. என் எடை 62 கிலோ, அந்தக் கணக்கில் வரம்பு 2,480. இந்தச் செய்திக்காக டப்பாவைத் தூக்கி எறிய மாட்டேன். பயந்துபோய்ச் சர்க்கரைக்குத் திரும்பினால் எனக்கு வரும் கெடுதல் இன்னும் நிச்சயமானது. ஆனால் "நிரூபிக்கவே இல்லை, விடுங்கள்" என்று அடித்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஆராய வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். நான்கை இரண்டாகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன். காபி கொஞ்சம் கசந்தால் என்ன!

எடை குறைப்பதற்காக இவற்றை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்த நோக்கத்துக்கு இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதமே பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தவிர்க்க வேண்டும். இது புதுச் செய்தி இல்லை, பொட்டலத்திலேயே எச்சரிக்கை இருக்கும். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் அவரவர் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நான் எழுதியதில் ஏதாவது தப்பாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். ஜூன் மாதம் போட்டதை அழித்துவிட்டேன். அதை யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால், தயவுசெய்து இதையும் அங்கே போட்டுவிடுங்கள்.