தில்லையாடி கோயில் டிரஸ்டுக்கு ஒரு கடிதம்: கவிராயரோட நட்சத்திரம் பழைய ரெஜிஸ்டர்ல இருக்கா?

தில்லையாடி சிவன் கோயில் அறங்காவலர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சீர்காழியில இருக்கேன், முப்பத்தி நாலு வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். போன வெள்ளிக்கிழமை உங்க கோயிலுக்கு வந்தப்போ இராம நாடகம் பாடின அருணாசலக் கவிராயர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு சீட்டு வாங்கினேன். குருக்கள் தட்டைக் கையில வாங்கிட்டு "நட்சத்திரம் சொல்லுங்கோ"ன்னார், நான் முழிச்சேன். அவரே "சரி, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்"னு முடிச்சுட்டார். இத்தனை வருஷம் கிளாஸ்ல அவர் பாட்டை நடத்தியிருக்கேன், ஒரு நட்சத்திரம் சொல்லத் தெரியலையேன்னு வீடு வர்ற வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

அவர் பொறந்தது உங்க ஊர்ல, 1711ல. பின்னாடி எங்க ஊர்ல வந்து தங்கினதால சீர்காழிக்காரர்னு நாங்க சொந்தம் கொண்டாடுறோம், அது வேற கதை. 1779ல காலமாயிட்டார். பொறந்த வருஷம் புஸ்தகத்துல எல்லாம் இருக்கு, நட்சத்திரம்தான் என் கைக்குக் கிடைச்ச எதுலயும் இல்ல.

அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல செவப்புத் துணி சுத்தி ஒரு நீளமான பழைய ரெஜிஸ்டர் இருந்துச்சு. கட்டளைக் கணக்குன்னு உங்க கணக்கர் சொன்னார். கோயில்ல யாரும் பிறப்பைப் பதிய மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா அவர் வம்சத்துல யாராவது அவர் ஜென்ம நட்சத்திரத்தன்னிக்கு அபிஷேகம் நடக்கணும்னு நெல்லோ நிலமோ எழுதி வச்சிருந்தா அந்த வரியில நட்சத்திரமும் மாசமும் இருந்தே ஆகணும், இல்லேன்னா கட்டளையை எப்படி நடத்துறது? மாசமும் நட்சத்திரமும் கிடைச்சாலே போதும், பஞ்சாங்கம் கணிக்கிறவங்களை வச்சு தேதியைக் கிட்டத்தட்ட பிடிச்சிடலாம். திதி போட்டிருந்தா அது அவர் இறந்த நாளா இருக்கலாம், அதைத் தனியா குறிச்சு வையுங்க, ரெண்டையும் கலந்துடாதீங்க.

இன்னொண்ணு, 1711 கர வருஷம். அறுபது வருஷ சுத்துல 1771ம் கரதான், 1831ம் கரதான், அதனால வெறும் "கர வருஷம்"னு இருந்தா அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க, பக்கத்துல சகாப்தமோ கலியோ போட்டிருக்கான்னு பாக்கணும். பழைய கையெழுத்துல புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒண்ணு போலத் தெரியும், எண்ணெல்லாம் தமிழ் எண்ணாத்தான் இருக்கும். படிக்கச் சிரமமா இருந்தா நானே வந்து உங்க முன்னாடியே உக்காந்து படிச்சுத் தர்றேன். ரெஜிஸ்டரை வெளிய எடுத்துட்டுப் போகணும்னு கேக்கல, போட்டோ கூட நீங்க சரின்னு சொன்னாத்தான். தாள் ஓரமெல்லாம் பொடியா உதிருது, அதனால ஜெராக்ஸ் மட்டும் வேண்டாம்.

பிரதோஷம் தவிர எந்த நாள் வரச் சொன்னாலும் காலையில பஸ் ஏறிடுவேன். என் நம்பர் குருக்கள்கிட்ட இருக்கு. அப்படி எதுவும் பதிவு இல்லேன்னாலும் ஒரு வரி சொல்லி அனுப்புங்க, வேற இடத்துல தேடிப் பாக்குறேன்.

இப்படிக்கு,
ரா. சிவகுருநாதன்,
தமிழாசிரியர் (ஓய்வு), சீர்காழி