பொருள்: நாளைய நேர்காணல் (18.06.2026): நேரம், வீடியோ இணைப்பு, எடுத்து வரவேண்டிய சான்றிதழ்கள்

அன்புள்ள அஜிதா,

கணக்கு உதவியாளர் பணிக்கான உங்கள் நேர்காணல் நாளை, வியாழக்கிழமை, இரண்டு கட்டமாக நடக்கும்.

காலை 10.30: வீடியோ நேர்காணல், சுமார் 30 நிமிடம்.
இணைப்பு: meet.google.com/kqz-wmrt-hvn

10.20-க்கே உள்ளே வந்துவிடுங்கள். செல்போனில் என்றால் செயலியை இன்றே நிறுவி, மைக், கேமரா அனுமதி கொடுத்துப் பாருங்கள். பலரின் குரல் கேட்காமல் போவது அந்த அனுமதி கொடுக்காததால்தான். கரண்ட் போனால் வைஃபையும் போகும், மொபைல் டேட்டா இருக்கட்டும். 10.40 வரை நீங்கள் இணையாவிட்டால், விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கு நாங்களே அழைப்போம்.

மாலை 3.00: நாகர்கோவில் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே வரலாம். மார்த்தாண்டத்திலிருந்து 1.15-க்குள் பஸ் ஏறுங்கள். தக்கலையில் நெரிசல் எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அசலும், நீங்களே கையொப்பமிட்ட ஒரு செட் நகலும் வேண்டும்: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பி.காம் மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் (வராவிட்டால் தற்காலிகச் சான்று), ஆதார், பான், முந்தைய பணியின் அனுபவச் சான்று, கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு. பாஸ்போர்ட் அளவு படம் 2. அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவோம்.

ஒன்றை இன்றே கவனியுங்கள்: மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலும், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வருகையை உறுதிசெய்து இன்று மாலை 6 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பவும்.

மனிதவளப் பிரிவு,
நாகர்கோவில்