சக்கர நாற்காலிப் பயணியை ஏற்ற மறுத்தது குறித்த புகார்

மார்ச் 14, 2024

பெறுநர்: மேலாளர், பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மார்ச் 12 மாலை, தடம் 27, வண்டி எண் 4172

ஐயா / அம்மா,

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை 6.10 மணிக்கு, நூலக நிறுத்தத்தில் உங்கள் பேருந்து என்னை ஏற்றாமல் போய்விட்டது. நான் மின்சார சக்கர நாற்காலியில் செல்பவள். வந்தது தாழ்தளப் பேருந்து. நடுக்கதவில் சக்கர நாற்காலிப் படமும் இருந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். சாய்தளத்தை இறக்கச் சொன்னபோது ஓட்டுநர், "அது வேலை செய்யாதுங்க, அடுத்த வண்டியில வாங்க" என்றார்.

அந்த வண்டியில் இருப்பது மோட்டாரில் இயங்கும் சாய்தளம் இல்லை. தரையோடு மடிந்து கிடக்கும் பலகைதான். பிடியைப் பற்றித் தூக்கி வெளியே சாய்த்தால் வேலை முடிந்தது. இதே தடத்தில் மற்ற ஓட்டுநர்கள் எனக்கு அதைச் செய்து தருகிறார்கள், ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கீல் இறுகிப்போயிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் இருக்கையை விட்டு எழுந்து பார்க்கவே இல்லையே! மறுபடி கேட்டதும் காரணம் மாறியது: உள்ளே இடமில்லை என்றார். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நின்றிருந்த இருவர் தாங்களாகவே நகர்ந்துகொண்டார்கள். அப்புறம், "ஏற்கெனவே லேட்" என்றார். கதவு மூடியது.

இதற்கு நடுவே ஒருவர், நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றிவிடலாம் என்றார். நல்ல மனசுதான். ஆனால் நாற்காலியும் நானும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல்; கை நழுவினால் தூக்குபவருக்கும் அடி, எனக்கும் அடி. ஓட்டுநர் சொன்ன அந்த 'அடுத்த வண்டி'யில் மூன்று படிகள் இருந்தன.

2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் வசதி பற்றி 9ஆம் பிரிவில் பேசுகிறது. நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான் என்பது அதன் 2ஆம் பிரிவில் உள்ளது. சாய்தளத்தை இறக்குவது ஓட்டுநர் செய்யும் உபகாரம் இல்லை, அவர் வேலை.

அதற்காக அவர் ஒருவரை மட்டும் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள். தாமதமானால் ஓட்டுநரைக் கேள்வி கேட்கிறீர்கள். ஒரு பயணியை விட்டுவிட்டு வந்தால் கேட்கிறீர்களா? கால அட்டவணையில் சாய்தளத்துக்கான நேரமே இல்லாவிட்டால் இது மறுபடியும் நடக்கும்.

வண்டியின் கேமரா பதிவு அழிந்துபோவதற்குள் அதை எடுத்து வையுங்கள். அன்று காலை பணிமனையில் சாய்தளத்தைச் சோதித்தார்களா, பழுது என்றால் அதைப் பதிவு செய்தார்களா என்று தெரிய வேண்டும். ஓட்டுநரின் விளக்கமும், ஏறும் பயணியை விட்டுச் செல்லக்கூடாது என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் நீங்கள் அனுப்பும் அறிவுறுத்தலின் நகலும் வேண்டும்.

மார்ச் 29க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் வருத்தம் தெரிவிப்பது போதாது. பதில் வராவிட்டால் இதே கடிதத்தைப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்புவேன். என் முகவரியும் கைபேசி எண்ணும் உறையின் மேல் உள்ளன.

இப்படிக்கு,
கா. மலர்விழி