விளக்கெண்ணெயில் விழும் எஃகுக் குண்டின் முற்றுத்திசைவேகம்: சமன்பாடு வருவித்தல்

(இளநிலை இயற்பியல் முதலாண்டு, செய்முறை வகுப்புக் குறிப்பு)

உயரமான கண்ணாடி ஜாடியில் நிரப்பிய விளக்கெண்ணெயின் மேற்பரப்பில் ஒரு சிறிய எஃகுக் குண்டை நழுவ விட்டால், அது முதலில் வேகம் கூடி, பிறகு மாறாத வேகத்தில் இறங்குகிறது. அந்த வேகத்தை அளந்து எண்ணெயின் பாகியல் எண்ணைக் கண்டறிவதற்கான சமன்பாட்டை இங்கே வருவிக்கிறோம். கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொள்கிறோம்; எல்லா அளவுகளும் எஸ்.ஐ. அலகுகளில் உள்ளன.

குண்டின் ஆரத்தை r என்றும், எஃகின் அடர்த்தியை ρ என்றும் குறித்தால், குண்டின் நிறை m பின்வருமாறு அமைகிறது:

m = (4/3)πr³ρ  (1)

திருகு அளவி காட்டுவது விட்டம். r அதில் பாதி என்பதை மறக்க வேண்டாம். இறுதிச் சமன்பாட்டில் r இருபடியாக வருவதால், விட்டத்தையே r என்று இட்டுவிட்டால் விடை நான்கு மடங்காகிவிடும்.

புவியீர்ப்பு முடுக்கத்தை g என்று கொண்டால், குண்டின் எடை mg கீழ்நோக்கிச் செயல்படுகிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, குண்டு இடம்பெயர்த்த எண்ணெயின் எடைக்குச் சமமான மிதப்பு விசை B மேல்நோக்கிச் செயல்படுகிறது. எண்ணெயின் அடர்த்தி σ எனில்,

B = (4/3)πr³σg  (2)

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் பதிவேட்டில் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் பாகியல் எண் எதிர்க்குறியில் வந்திருந்தது. எஃகுக்கு σ என்றும் எண்ணெய்க்கு ρ என்றும் அவர் ஒரு வரியில் மாற்றி எழுதியதே காரணம். இந்தக் குறிப்பு முழுவதும் ρ எஃகுக்கும் σ எண்ணெய்க்கும் மட்டுமே உரியவை.

குண்டை விட்ட கணத்திலிருந்து கழிந்த நேரத்தை t என்றும், அந்த நேரத்தில் அதன் வேகத்தை v என்றும், எண்ணெயின் பாகியல் எண்ணை η என்றும் குறிப்போம். ஸ்டோக்ஸ் 1851இல் வெளியிட்ட விதிப்படி, இயக்கத்தை எதிர்க்கும் பாகியல் விசை F பின்வருமாறு:

F = 6πηrv  (3)

மூன்று விசைகளையும் நியூட்டனின் இரண்டாம் விதியில் இட்டால், நேரத்தைப் பொறுத்து v மாறும் வீதமான dv/dt, அதாவது முடுக்கம், கிடைக்கிறது:

m(dv/dt) = mg − B − 6πηrv  (4)

குண்டு தன்னோடு நகர்த்தும் எண்ணெயின் நிலைமத்தை இதில் சேர்க்கவில்லை. முடுக்கம் சுழியாகும்போது அதன் பங்கும் மறைவதால், நாம் தேடும் மாறா வேகத்தை அது பாதிக்காது.

அந்த மாறா வேகமே முற்றுத்திசைவேகம். அதை u என்று குறிக்கிறோம். பல நூல்கள் v உடன் t என்ற கீழொட்டைச் சேர்த்து எழுதுகின்றன. ஆனால் t இங்கே ஏற்கெனவே நேரத்தைக் குறிப்பதால், தனி எழுத்தே நல்லது. சமன்பாடு (4)இல் dv/dt = 0, v = u என்று இட்டு, (1), (2) ஆகியவற்றைப் பயன்படுத்தினால்,

u = 2r²(ρ − σ)g / 9η  (5)

குண்டு எவ்வளவு விரைவில் u வேகத்தை நெருங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நேரத்தை அளக்கத் தொடங்கும் கோட்டை எங்கே வரைவது என்பதை முடிவுசெய்வது அதுதான். நேரத்தின் பரிமாணம் கொண்ட τ என்ற மாறிலியை τ = m/(6πηr) = 2ρr²/9η என்று வரையறுத்தால், சமன்பாடு (4) dv/dt = (u − v)/τ என்று சுருங்குகிறது. தொடக்கத்தில், அதாவது t = 0 எனும்போது, v = 0 என்று கொண்டு தொகையிட்டால்,

v = u(1 − e^(−t/τ))  (6)

இதில் e என்பது இயற்கை மடக்கையின் அடிமானம், ஏறத்தாழ 2.718.

எடுத்துக்காட்டாக, 20 டிகிரி செல்சியஸில் r = 0.001 மீட்டர், ρ = 7800, σ = 960 (இரண்டும் ஒரு கனமீட்டருக்குக் கிலோகிராமில்), g = 9.8 மீட்டர்/வினாடி², η = 0.986 பாஸ்கல் வினாடி எனக் கொண்டால், u ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர், τ ஒரு வினாடியில் ஆயிரத்தில் 1.8 பங்கு. ஐந்து τ கழிந்தால் v, u-வில் 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதற்குள் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. எனவே மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் கீழே முதல் கோட்டை வரைந்தால் போதும்.

ஸ்டோக்ஸ் விதி செல்லுபடியாக, ரெனால்டு எண் R = 2σur/η ஒன்றைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும்; இங்கே அது ஏறத்தாழ 0.03.

ஜாடியில் வரைந்த இரு கோடுகளுக்கு இடையேயுள்ள தொலைவை h என்றும், அதைக் கடக்கக் குண்டு எடுத்துக்கொள்ளும் நேரத்தை T என்றும் கொண்டால், u = h/T ஆகும். இதைச் சமன்பாடு (5)இல் இட்டால், நாம் வேண்டியது கிடைக்கிறது:

η = 2r²(ρ − σ)gT / 9h  (7)

மேற்கண்ட குண்டுக்கு h = 0.20 மீட்டர் எனில் T ஏறத்தாழ 13 வினாடி. விளக்கெண்ணெயின் η வெப்பநிலையைப் பொறுத்து வெகுவாக மாறும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வந்தாலே பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். ஆகவே விடைக்கு அருகில் எண்ணெயின் வெப்பநிலையையும் கட்டாயம் எழுதுங்கள்.