காலை நாற்காலி யோகா: மூத்தவர்களுக்கு 20 நிமிடம்

(வீடியோவுக்கான பேச்சுப் பிரதி. இடம்: தஞ்சாவூர், வீட்டுக் கூடம், காலை ஆறரை மணி. பேசுபவர் பயிற்சியாளர். உடன் செய்பவர்கள்: அவருடைய அத்தை, வயது 71, வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்தவர், எதிர்வீட்டு ஐயா, வயது 76, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர், இடது தோள் இறுக்கம் உள்ளவர்.)

0:00
(மூவரும் நாற்காலியில். முழு உருவமும் பாதமும் தெரிய வேண்டும்.)

வணக்கம். இன்றைக்குத் தரையில் உட்காரப் போவதில்லை, பாய் வேண்டாம். ஒரு நாற்காலி போதும். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் கால் அகன்று வழுக்கும். பழையதாக இருந்தால் காலில் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு மேசையோடு வரும் மர நாற்காலி இருந்தால் அதுதான் நல்லது. அதன் முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். எட்டும் தூரத்தில் ஒரு மேசையோ ஜன்னல் கம்பியோ இருக்கட்டும். காலில் சாக்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். புடவையை, வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள்.

மொபைலை மடியில் வைத்துப் பார்க்க வேண்டாம், கழுத்து குனிந்தே இருக்கும். எதிரே கண் மட்டத்தில் எதன்மீதாவது சாய்த்து வையுங்கள்.

1:15
(பயிற்சியாளர் மட்டும், நெருக்கமாக.)

அடுத்தது, யார் இன்று செய்ய வேண்டாம் என்பது. சமீபத்தில் கண், வயிறு, இடுப்பு, இதயம் என்று எந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வாருங்கள். காய்ச்சல், தலைசுற்றல் உள்ள நாளில் ஓய்வு எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை ஆட்டவும் வேண்டாம், அமுக்கிவிடவும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். செய்யும்போது கை நடுங்கினால், திடீரென்று வியர்த்தால் நிறுத்திவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சு முட்டல் என்றால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

சரி, பயமுறுத்தியது போதும்.

2:20 உட்காரும் முறை
(மூவரும்.)

நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். முதுகு சாயாமல் இருக்கட்டும். வலி இருந்தால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம், அதில் ஒன்றும் குறைவில்லை. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும். எட்டவில்லையா? மடித்த ஜமக்காளத்தைப் பாதத்துக்கு அடியில் போடுங்கள். அத்தை அப்படித்தான் போட்டிருக்கிறார்.

கைகள் தொடைமேல். தோளைக் காதுவரை தூக்கி, அப்படியே கீழே விடுங்கள்.

3:00 மூச்சு

மூக்கு வழியாக உள்ளே. ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது வெளியே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

(ஐந்து முறை. எண்ணிக்கை மெதுவாக.)

மூன்று எண்ண முடியவில்லை என்றால் இரண்டு எண்ணுங்கள். வெளியே விடுவது மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தால் சரி. ஆஸ்துமா உள்ளவர்கள், வெளியே விடும்போது சூடான காபியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து விடுங்கள். எளிதாக இருக்கும்.

இன்றைய பயிற்சி முழுவதற்கும் ஒரே விதி: மூச்சை எங்கேயும் அடக்கக் கூடாது. கும்பகம் வேண்டவே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நம்மில் பலர் கஷ்டமான அசைவு வந்தாலே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஐயா, நீங்களும்தான்.

ஐயா: நான் எங்கேம்மா பிடிக்கிறேன்?

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா. சந்தேகமாக இருந்தால் வாய்விட்டு எண்ணுங்கள். பேசிக்கொண்டே யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது.

சென்னையில் நெடுநாள் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் மூச்சையும் அசைவையும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். அவர் 1888-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். அவருடைய மாணவர் ஐயங்கார் நாற்காலியை யோகா வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தார். அதனால் நாற்காலியில் செய்வது அரை யோகா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

5:00 பாதம், கணுக்கால்
(கேமரா தாழ்வாக, பாதங்களில்.)

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நடக்கும்போது தடுக்கி விழாமல் காப்பது முன்பாதத்தைத் தூக்கும் பலம்தான்.

குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தைத் தூக்குங்கள், மூச்சு உள்ளே. இறக்குங்கள், மூச்சு வெளியே. தூக்கு... இறக்கு. பத்து முறை.

இப்போது மாறாக. விரல்கள் தரையில், குதிகால் மேலே. கெண்டைக்கால் இறுகுவது தெரிகிறதா? காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது அந்தத் தசைதான். பேருந்திலோ ரயிலிலோ நெடுநேரம் உட்கார்ந்து போகும்போதும் இதைச் செய்யலாம். பத்து முறை.

வலது பாதத்தைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலை வட்டமாகச் சுற்றுங்கள். ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் இடது.

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அப்படியே விரலிடுக்கில் வெடிப்பு, புண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

8:00 முழங்கால்

மூச்சை வெளியே விட்டபடி வலது காலை முன்னால் நீட்டுங்கள். முழுவதும் நீள வேண்டியதில்லை. விரல்கள் உங்களைப் பார்க்கட்டும். அங்கேயே சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடாதீர்கள். இறக்கும்போதுதான் தொடைக்கு உண்மையான வேலை.

(பக்கத்துக்கு ஆறு முறை.)

அத்தை: எனக்குப் பாதிதான் நீளுது.

பாதி போதும் அத்தை. கையால் இழுத்து நீட்டாதீர்கள். தொடை இழுபட்டால் செய்யலாம், மூட்டுக்குள் குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் கால்மேல் கால் போட வேண்டாம், முழங்காலை நெஞ்சருகே கொண்டுவரவும் வேண்டாம்.

10:00 தோள், கழுத்து

மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் முன்பக்கமாக உயர்த்துங்கள். விட்டபடி இறக்குங்கள். ஐந்து முறை. ஐயாவுக்கு இடது கை தோள்மட்டத்தோடு நிற்கிறது. அவர் வலது கையால் அதைத் தாங்கிக்கொள்கிறார், அப்படியே செய்யலாம்.

கழுத்தை முழு வட்டமாகச் சுற்றாதீர்கள், அண்ணாந்தும் பார்க்காதீர்கள். வலப்பக்கம் திரும்பி ஒரு மூச்சு, நடுவே வந்து ஒரு மூச்சு, இடப்பக்கம் ஒரு மூச்சு. மூன்று முறை போதும்.

12:00 முதுகு

கைகள் முழங்கால்மேல். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் கொண்டுவந்து நிமிருங்கள். விடும்போது தொப்புளை உள்ளே வாங்கி முதுகைச் சற்றே வளையுங்கள். ஆறு முறை, அவசரம் இல்லாமல்.

எலும்புத் தேய்மானம், முன்பு முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள் நிமிர்வதை மட்டும் செய்யுங்கள். முன்னால் வளைய வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையை நெஞ்சுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

13:30 திரும்புதல்

மூச்சை இழுத்து முதுகை நிமிர்த்துங்கள். விட்டபடி நெஞ்சை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். இடது கை வலது தொடைமேல் சும்மா இருக்கட்டும். நாற்காலியின் முதுகைப் பிடித்து முறுக்காதீர்கள். சொடக்கு விழ வேண்டும் என்று செய்வது யோகா இல்லை. இரண்டு மூச்சு இருந்துவிட்டு நடுவே வாருங்கள். இப்போது இடப்பக்கம்.

நான் எதிரே இருப்பதால் பக்கம் குழம்பலாம். எதை முதலில் செய்தாலும் பரவாயில்லை, இரண்டையும் செய்துவிடுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையை மட்டும் திருப்பினால் போதும்.

15:00 எழுந்து உட்காருதல்
(ஐயா மட்டும். எதிரே மேசை.)

இது விருப்பம் இருந்தால் மட்டும். வீட்டில் தனியாக இருந்தால், நிற்கும்போது தள்ளாட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூச்சை விட்டபடி, மேசையில் கையூன்றி எழுந்திருங்கள். நில்லுங்கள். ஒரு மூச்சு. தொடையின் பின்பக்கம் நாற்காலியில் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு மெல்ல உட்காருங்கள். மூன்று முறை போதும். கழிப்பறையிலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்து வர இந்த ஒரு பயிற்சிதான் கைகொடுக்கும். கண்ணைக் கட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

17:00 நாடிசுத்தி, பிராமரி

வலது கட்டைவிரலால் வலது மூக்கை மூடுங்கள். இடது வழியாக இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலது வழியாக விடுங்கள். வலது வழியாக இழுத்து, இடது வழியாக விடுங்கள். இது ஒரு சுற்று. நான்கு சுற்று. கை வலித்தால் இன்னொரு கையால் முழங்கையைத் தாங்குங்கள். சளி பிடித்திருந்தால் இதை விட்டுவிட்டு முதலில் செய்த மூச்சையே செய்யுங்கள்.

அடுத்து வாயை மூடி, மூச்சை விடும்போது ‘ம்ம்ம்’ என்று ஓசை எழுப்புங்கள். காதை மூட வேண்டியதில்லை. காது கேட்கும் கருவி போட்டிருந்தால் மூடியதும் கீச்சிடும். ஐந்து முறை.

(மூவரின் ஓசை மட்டும், 40 நொடி.)

19:20

கண்ணைத் திறங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். பாதத்தைப் பத்து முறை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். நின்ற இடத்திலேயே பத்து எண்ணிவிட்டுத்தான் முதல் அடி வைக்க வேண்டும், முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள்.

நாளை உடம்பு லேசாக வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கிச் செய்யுங்கள். மூட்டு வீங்கினால், வலி இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த வீடியோவில் காலையில் கைவிரல் மடக்க முடியாதவர்களுக்கான பயிற்சி. அதற்கு ஒரு கைக்குட்டையும் ரப்பர் பந்தும் எடுத்து வையுங்கள்.

அத்தை: காபி போடட்டுமா?

பத்து எண்ணிவிட்டு எழுந்திருங்கள் அத்தை.