மகன் அனுப்பிய பணம் பற்றிய நோட்டீஸுக்குப் பதில்

காரைக்குடி
12.11.2025

வருமான வரி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-24 நிதியாண்டில் என் சேமிப்புக் கணக்கில் வரவான ரூ.6,90,000-க்கு விளக்கம் கேட்டு பிரிவு 133(6)-இன் கீழ் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது.

இது முழுவதும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பியது. வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் மாதம் ரூ.45,000. செப்டம்பரில் வேலை மாறியதால் அனுப்பவில்லை. அக்டோபரில் சேர்த்து ரூ.90,000 அனுப்பினான். நோட்டீஸில் தனியாகக் குறித்திருக்கும் தொகை இதுதான். ஜனவரியில் வந்த கூடுதல் ரூ.1,50,000 எங்கள் வீட்டு வளவில் ஓடு மாற்ற. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் மழைக்கு முன் ஓட்டைப் பார்க்காவிட்டால் உத்தரமே இற்றுப்போகும். ஓட்டு வேலைக்கான ரசீதுகளும் இருக்கின்றன.

வங்கி தந்த வெளிநாட்டுப் பண வரவுச் சான்றுகளில் அனுப்பியவர் பெயரும், குடும்பப் பராமரிப்புக்கான P1301 குறியீடும் உள்ளன. மகன் அனுப்பிய தேதிக்கும் இங்கே வரவான தேதிக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் வரும். ஒப்பிடும்போது இதைக் கவனிக்கவும்.

பெற்ற மகன் தரும் பணம் பிரிவு 56(2)(x)-இன்படி உறவினர் கொடை. என் கையில் அதற்கு வரி இல்லை. அந்த ஆண்டில் எனக்கு வேறு வருமானம் சேமிப்பு வட்டி ரூ.9,340 மட்டுமே. அதனால்தான் கணக்குத் தாக்கல் செய்யவில்லை.

இணைப்பு: வங்கிக் கணக்கு விவரம், வரவுச் சான்றுகள், மகனின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் நகல்கள், கொடை குறித்து மகன் கையெழுத்திட்ட கடிதம், ஓட்டு வேலை ரசீதுகள்.

இப்படிக்கு,
சீ. மீனாட்சி